மெஷின் எழுதியது என்று மெஷின் சொன்னால்

கேள்வி: ஈரோட்டுப் பேப்பர் ஒன்றில் ரொம்ப வருசமாகப் பத்தி எழுதுகிறவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதுகிறேன். ஆபீசில் புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர், அவர் கட்டுரையை ‘மெஷின் எழுதியது’ என்று பிடித்துவிடுகிறது. அது ஏன் அப்படிச் சொல்லும்? அவர் எப்படி நிரூபிப்பார்? கதை இந்த இடத்தில் நிற்கிறது.

பதில்: உங்கள் ஆள் எழுதுகிற ஒரு வரியிலிருந்தே தொடங்கலாம். ‘விலை ஏறினால் விவசாயி சிரிக்கிறார், வியாபாரி தயங்குகிறார். விலை இறங்கினால் வியாபாரி சிரிக்கிறார், விவசாயி தயங்குகிறார்.’ மஞ்சள் மண்டியைப் பற்றிய அழகான வரிகள்தான். ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்தவர் இரண்டாவதைப் படிக்காமலே சொல்லிவிடுவார். இந்த வகை சாஃப்ட்வேர்கள் பலவும் அளப்பது இதைத்தான்: அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது? வாக்கிய நீளம் ஏறி இறங்குகிறதா? இங்கே இரண்டு வாக்கியமும் ஆறு ஆறு சொல். ‘ஒருபுறம்’ வந்தால் ‘மறுபுறம்’ வந்தே தீரும். கடைசியில் இரு தரப்புக்கும் சமமாக ஒரு தீர்ப்பு. யார் எழுதினார்கள் என்பது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஊகிக்க முடிந்ததை மெஷின் கணக்கில் சேர்த்துவிடும். அதே மண்டியில் நின்று ‘கிழங்கு மஞ்சளை ஒருத்தரும் சீந்தலைங்க’ என்று யாரோ சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், அந்த இடத்தில் மதிப்பெண் மாறியிருக்கும்.

கதையில் ஆசிரியர் ‘சாஃப்ட்வேர் பொய் சொல்லாது’ என்பார் இல்லையா, அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. மெஷின் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. இவை அவர்களே சொன்ன எண்கள், அதுவும் ஆங்கிலத்துக்கு. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். உங்கள் பேப்பருக்கு மாதம் 100 கட்டுரை வருகிறது, அதில் 5 மட்டும் மெஷின் எழுதியது என்று வைப்போம். அந்தக் கருவியின் கணக்குப்படி அந்த ஐந்தில் ஒன்று மாட்டும். மீதி 95இல் எட்டோ ஒன்பதோ வீணாக மாட்டும். அதாவது ‘மெஷின்’ என்று சிவப்பு விழுந்த பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் நிரபராதிகள்.

இனி நிரூபணம். கைப்பிரதி, போனில் வைத்த குறிப்பு எல்லாம் காட்டலாம். ஆனால் ‘காப்பி பண்ணி எழுதியிருக்கலாமே’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். கதைக்கும் நிஜத்துக்கும் பொருந்துகிற ஒரே பலமான வழி, அவருடைய பழைய பத்தியை அதே சாஃப்ட்வேரில் போடுவதுதான். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன் அச்சில் வந்த கட்டுரைக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. 2004இல் வந்ததற்கும் சிவப்பு விழுந்தால் வழக்கு முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. பெரும்பாலான எழுத்தாளர்கள் தவறவிடுவது. பழைய கோப்புகள் யூனிகோடில் இருக்காது. பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை மாற்றாமல் ஒட்டினால் ‘ஒருபுறம்’ என்பது திரையில் இப்படி விழும்:

```
xUGwk;
```

இப்படியொரு குப்பையை எந்தச் சாஃப்ட்வேரும் ஊகிக்க முடியாது. அதனால் ‘மனிதர் எழுதியது’ என்று பச்சை காட்டிவிட வாய்ப்புண்டு. ஆசிரியர் அதைப் பார்த்து, ‘பாருங்க, பழசு சுத்தம், புதுசுதான் கோளாறு’ என்பார். பேப்பரை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினாலும் இதே ஆபத்து. ‘ன’வும் ‘ள’வும் குழம்பிய பிழைகளே மதிப்பெண்ணை மனிதர் பக்கம் தள்ளும். ஆகவே டெஸ்க்கில் இருக்கும் இளைஞனை யூனிகோடில் புதிதாக அடிக்க வையுங்கள். ஐந்தாறு பழைய கட்டுரைகள் வேண்டும். ஒன்று தற்செயல் என்று ஒதுக்கப்படும். துணைக்கு, சமநிலையாக எழுதாத இன்னொருவரின் பழைய கட்டுரையும் ஒன்றிரண்டு வேண்டும். அது பச்சையாக வந்தால்தான் நடைதான் மாட்டுகிறது என்பது தெரியும்.

உரையாடலைக் குறைவாக வையுங்கள். பையன், ‘அண்ணா, இதுக்கும் செவப்புதானுங்க காட்டுது’ என்றால் போதும். பெரியவர், ‘அப்ப நாஞ் சாட்ஜிபிடிக்கு மூத்தவனுங்களா தம்பி?’ என்று கேட்கலாம். பிழை போட்டு, நடையைக் கெடுத்து அவர் சாஃப்ட்வேரை ஏமாற்றுவதாக முடிக்காதீர்கள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். முடிவை ஆசிரியர் பக்கம் தள்ளுங்கள். சோதனை முடிவைப் பார்த்த பிறகும் அவர் சாஃப்ட்வேரை உடனே தூக்கமாட்டார். ஒரு வருசச் சந்தா கட்டியாகிவிட்டது. சிவப்பு விழுந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே நிறுத்துவது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டுவார். அதுவும் அதே சமநிலை நடையில் இருக்கலாம்.