பதில் வராத மின்னஞ்சலில் என்ன குறை?

கேள்வி: சில மாதங்களாக இதழ்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் கட்டுரை யோசனைகளை மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். ‘நூலகங்களின் இன்றைய நிலை குறித்து ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன், வாய்ப்புத் தாருங்கள்’ என்று கடைசியாக எழுதியிருந்தேன். எதற்கும் பதில் இல்லை. எத்தனை நாள் கழித்து நினைவூட்டலாம்? யாராவது சம்மதித்தால் பணத்தைப் பற்றி எப்போது, எப்படிக் கேட்பது?
— வாசகர் ஒருவர்

பதில்: நினைவூட்டலுக்கு முன்னால் அந்த மின்னஞ்சலையே பார்த்துவிடுவோம். ‘நூலகங்களின் இன்றைய நிலை’ என்பது ஒரு தலைப்பு. அதில் கட்டுரை இன்னும் உருவாகவில்லை. அதைப் படிக்கும் ஆசிரியருக்கு, எந்த நூலகம், யாரைச் சந்திக்கப் போகிறீர்கள், வாசகர் அறியாத எதைச் சொல்லப் போகிறீர்கள், இதை இப்போது ஏன் வெளியிட வேண்டும் என்ற கேள்விகள் எழும். அவற்றை உங்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் நேரம் அவருக்கு இருக்காது. கேட்காமலே கடந்துபோய்விடுவார்.

அதே ஆர்வத்திலிருந்து ஒரு கதையைப் பிரித்தெடுக்க முடியும். நூலகங்கள் புதிய நூல்களுக்கு இடம் வேண்டி, பழுதானவற்றையும் பல ஆண்டுகளாக யாரும் எடுக்காதவற்றையும் கழிக்கின்றன. அப்படிக் கழிக்கப்படும் புத்தகங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அவை எங்கே போகின்றன என்ற கேள்வியில் ஆட்கள் இருக்கிறார்கள், முரண் இருக்கிறது, தேடிப் போக ஓர் இடமும் இருக்கிறது. அதை வைத்து எழுதினால் உங்கள் மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி அமையும்.

பொருள்: கட்டுரை யோசனை – நூலகங்கள் கழிக்கும் புத்தகங்கள் எங்கே போகின்றன?

‘ஒரு பொது நூலகத்தின் பின்கட்டில், அடுத்த வாரம் பழைய காகிதமாக எடைக்குப் போகவிருக்கும் புத்தகங்கள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத சில நூல்களும் இருப்பதாக அங்கு பணியாற்றும் நூலகர் சொல்கிறார். எந்தப் புத்தகம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதை, கழிக்கும் நூலகர், வாங்கும் பழைய காகித வணிகர், அவரிடமிருந்து மீட்டெடுக்கும் சேகரிப்பாளர் ஆகிய மூவர் வழியாக 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன். நூலகர் பேசச் சம்மதித்துவிட்டார். மற்ற இருவருடனும் தொடர்பில் இருக்கிறேன். அடுத்த கழிப்பு இம்மாத இறுதியில் நடைபெறுவதால் அதை நேரில் பார்த்து எழுத முடியும். நீங்கள் சம்மதம் தெரிவித்த நாளிலிருந்து மூன்று வாரங்களில் கட்டுரையைத் தருகிறேன்.’

இதற்குக் கீழே உங்களைப் பற்றி இரண்டு வரிகளும், வெளியான கட்டுரைகளுள் இதே தன்மையுள்ள இரண்டின் இணைப்புகளும் போதும். வெளியானவை இல்லையென்றால் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்தக் கதையை அடைய உங்களுக்கு இருக்கும் வழியைச் சொன்னாலே போதும். முழுக் கட்டுரையையும் கோப்பாக இணைத்து அனுப்பாதீர்கள். அனுபவக் கட்டுரை, நகைச்சுவை போன்று நடையே சரக்காக இருக்கும் வகைகளுக்கு மட்டும்தான் பல ஆசிரியர்கள் முழுப் பிரதியைக் கேட்பார்கள். அனுப்புவதற்கு முன், அந்த இதழ் இதே பொருளில் சமீபத்தில் ஏதும் வெளியிட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பொது முகவரியை விட, அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஆசிரியரின் பெயருக்கு எழுதுவது நல்லது. தங்கள் மேலான இதழில் என்று தொடங்கும் புகழ்மொழிகளை நான் ஆசிரியர் மேசையில் இருந்த காலத்தில் படித்ததே இல்லை. கண் தானாகவே அடுத்த பத்திக்குப் போய்விடும்.

நினைவூட்டலுக்கான காலம் கதையைப் பொறுத்தது. அன்றாடச் செய்தியை ஒட்டிய யோசனை என்றால் ஒன்றிரண்டு நாள்களில் பழையதாகிவிடும் என்பதால், மறுநாளே கேட்கலாம். மேலே சொன்னது போன்ற யோசனைக்கு, செய்தித் தளமாயின் ஒரு வாரமும், மாத இதழாயின் இரண்டு முதல் மூன்று வாரங்களும் பொறுக்க வேண்டும். மாத இதழ்கள் பல மாதங்களுக்கு முன்பே இதழைத் திட்டமிடுகின்றன என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நினைவூட்டலைப் புதிய மின்னஞ்சலாக எழுதாமல், பழையதற்கான மறுமொழியாக அனுப்புங்கள். மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம். முடிந்தால் புதிதாக ஒரு செய்தியைச் சேருங்கள்: ‘கழிப்பு நடக்கும் நாள் முடிவாகிவிட்டது, சேகரிப்பாளரும் பேச ஒப்புக்கொண்டார்.’ இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால், குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு யோசனையை வேறோர் இதழுக்கு அனுப்பப் போவதாகப் பணிவாகத் தெரிவித்துவிட்டு, சொன்னபடியே அனுப்பிவிடுங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காலம் தாழ்த்த முடியாத யோசனை என்றால் அனுப்பலாம், ஆனால் அதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் நிலை. இரண்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் சம்மதித்தால் ஒருவரை இழப்பது உறுதி.

இனி பணம். முதல் மின்னஞ்சலில் அதைப் பேச வேண்டியதில்லை. ஆசிரியர் சம்மதம் தெரிவித்ததும், வேலையைத் தொடங்குவதற்கு முன், எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ‘இந்த நீளமுள்ள கட்டுரைக்கு நீங்கள் வழக்கமாகத் தரும் தொகை என்ன, அது எப்போது கிடைக்கும்?’ என்று கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. ‘எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்’ என்பது சம்மதம் அன்று. அந்த ஏற்பாட்டில் உழைப்பு முழுவதும் உங்களுடையது, முடிவு மட்டும் அவர்களுடையது.

சொல்லுக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ சொல்லப்படும் தொகையை உழைப்பு நேரத்தால் வகுத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை மதிப்புத் தெரியும். நம் நூலகக் கட்டுரையை எடுத்துக்கொண்டால், நேரில் செல்வதற்கு 12 மணி நேரம், பேட்டிகளுக்கு 4, எழுத 8, திருத்தங்களுக்கு 4 என 28 மணி நேரம் ஆகும். திருத்தம் இன்னொரு சுற்றுப் போய் மேலும் 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், தொகை மாறாமலேயே உங்கள் மணிக்கூலி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே தொகையோடு சேர்த்து, எத்தனை சுற்றுத் திருத்தம், பயணச் செலவு யாருடையது, கட்டுரையை வாங்கிய பிறகு வெளியிடாமல் விட்டால் எவ்வளவு தருவார்கள், பணம் கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் வருமா, வெளியான பிறகா என்பவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் வெளியான பிறகுதான் பணம் என்னும் இடத்தில் கட்டுரை மாதக்கணக்கில் கிடப்பில் இருந்தால், பணமும் அதனுடனே கிடப்பில் இருக்கும். உரிமைகளில், முதலில் வெளியிடும் உரிமையை மட்டும் தருவதும் எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுப்பதும் வேறு வேறு. பின்னதற்கு ஒப்பினால், அந்தக் கட்டுரையை உங்கள் தொகுப்பு நூலில் சேர்க்கவும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

சொன்ன தொகை குறைவாக இருந்தால், காரணத்தோடு ஒருமுறை கூடுதலாகக் கேட்கலாம். உயர்த்த இயலாது என்று அவர் சொன்னால், நீளத்தை 800 சொற்களாகக் குறைத்து, சேகரிப்பாளரை விட்டுவிட்டு இருவரை மட்டும் வைத்து எழுதித் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். பல ஆசிரியர்களுக்குப் பணத்தைவிட இதை ஒப்புக்கொள்வது எளிது. எல்லாம் முடிவானதும், பேசியவற்றை ஐந்தாறு வரிகளில் தொகுத்து நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, ‘சரி’ என்ற மறுமொழியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டுரையோடு, தவணை நாள் குறிப்பிட்ட கட்டணப் பட்டியலையும் அனுப்புங்கள். அந்த நாள் தாண்டினால் ஆசிரியரைத் துரத்துவதைவிட, கணக்குப் பிரிவில் யாரிடம் பேச வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அவருக்கு நகல் வைத்து அங்கு எழுதுவது விரைவில் பலன் தரும்.