பாக்கி வைத்த கம்பெனி திவால் நடவடிக்கையில்: சரக்குக் கொடுத்தவரின் பணம் என்னவாகும்?

கேள்வி: கோவையில் சிறிய வார்ப்பாலை நடத்துகிறேன். பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எனக்கு 42 லட்சம் ரூபாய் தர வேண்டும். அதில் 12 லட்சத்துக்குக் கொடுத்த செக் திரும்பியதால் கடந்த ஆண்டே செக் மோசடி வழக்குப் போட்டேன். மீதிக்கு உரிமையியல் வழக்கும் நடக்கிறது. போன மாதம் வங்கியின் மனுவை ஏற்று, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அந்தக் கம்பெனி மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டது. என் வழக்குகள் என்னவாகும்? கம்பெனியைக் கலைத்து விற்றால்தான் பணம் வரும் என்கிறார்களே, உண்மையா? இப்போதும் அங்கிருந்து வார்ப்புகள் கேட்கிறார்கள்.

பதில்: வழக்குகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், கம்பெனியை நடத்தத் தீர்ப்பாயம் நியமித்த இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். சரக்குக் கொடுத்தவர்களுக்கு உரியது 'பி' படிவம். பில்கள், டெலிவரி சலான்கள், கணக்குப் பேரேடு ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். அவர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு கடந்திருக்கும். ஆனாலும் நடவடிக்கை தொடங்கி 90 நாட்கள் வரையோ, கம்பெனியை எடுத்து நடத்த முன்வருபவர்களிடம் தீர்வுத் திட்டங்களைக் கேட்டு அழைப்பு விடும் நாள் வரையோ, எது பிந்தியதோ அதுவரை தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது இதற்கு ஈடாகாது. தீர்ப்பாயம் ஒரு திட்டத்தை அங்கீகரித்துவிட்டால், அதில் இடம்பெறாத பழைய பாக்கி அத்தனையும் அற்றுப்போகும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கன்ஷ்யாம் மிஸ்ரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வழக்குகளுக்கு வருவோம். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து, திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி கம்பெனிக்கு எதிரான வழக்குகளுக்கும் தீர்ப்பு நிறைவேற்றலுக்கும் தடைக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் உரிமையியல் வழக்கு அப்படியே நிற்கும். செக் வழக்கும் கம்பெனியைப் பொறுத்தவரை நிற்கும். ஆனால் செக்கில் கையெழுத்திட்ட இயக்குநருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று மோகன்ராஜ் வழக்கில், அதுவும் 2021-இல், உச்ச நீதிமன்றம் கூறியது. நோட்டீஸுக்குப் பின் பணம் செலுத்துவதற்கான 15 நாட்கள், தடைக்காலத்துக்கு வெகு முன்பே முடிந்துவிட்டதால் உங்கள் நிலை வலுவானது. தடைக்காலம் தொடங்கிய பிறகு அந்தக் கெடு முடிந்திருந்தால், பணம் கொடுக்கும் அதிகாரமே தன்னிடம் இல்லை என்று இயக்குநர் வாதாட வழி இருந்திருக்கும். எனவே அவர் மீதான வழக்கை விடாமல் நடத்துங்கள். உங்கள் கையில் இருக்கும் உண்மையான பிடி அதுதான்.

கலைப்புதான் நல்லது என்று உங்களிடம் சொன்னவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வங்கிக் கடன் 40 கோடி, தொழிலாளர் பாக்கி 2 கோடி, உங்களைப் போன்றவர்களுக்கு 8 கோடி, சொத்துகளை விற்றால் 18 கோடி கிடைக்கும் என்று வைப்போம். கலைப்பில் முதலில் நடவடிக்கைச் செலவு போகும், அது ஒரு கோடி என்போம். மிச்சம் 17 கோடி. அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாத ஊதியப் பாக்கியும், அடமானத்தைப் பொதுத் தொகுப்பில் விட்டுக்கொடுத்த வங்கியும் சமமாக நிற்கின்றன. அவர்களுக்கே 42 கோடி வேண்டும். அதற்குப் பல படிகள் கீழே இருக்கும் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது.

தீர்வுத் திட்டத்தில் கம்பெனி ஓடிக்கொண்டே இருக்கும், உரிமையாளர்தான் மாறுவார். ஒருவர் 25 கோடி தர முன்வந்தாலும், சட்டம் உங்களுக்கு உறுதிசெய்வது இரண்டில் பெரியதை மட்டுமே: கலைப்பில் கிடைத்திருக்கக்கூடிய தொகை, அல்லது அந்த 25 கோடியைக் கலைப்பு வரிசைப்படி பிரித்தால் வரும் தொகை. மேலே சொன்ன கணக்கில் இரண்டுமே பூஜ்யம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சப்ளையர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால், புதிதாக வருபவர்கள் ஏதாவது ஒரு பங்கை ஒதுக்குவதுண்டு. 5 சதவீதம் ஒதுக்கினால் உங்களுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். அதுவும் வங்கிகளுக்கு முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும். திட்டத்தை ஏற்க வேண்டியது கடன் கொடுத்தோர் குழு, 66 சதவீத வாக்குடன். அங்கே உங்களுக்கு வாக்கு இல்லை. ஆகவே எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று தீர்வு நிபுணரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மற்ற சப்ளையர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பது மேலும் நல்லது.

இப்போது கேட்கும் வார்ப்புகளைக் கொடுப்பதில் தவறில்லை. தொழிலை நடத்த, இந்தக் காலத்தில் தீர்வு நிபுணர் வாங்கும் சரக்கின் விலை நடவடிக்கைச் செலவில் சேரும், அதாவது வரிசையில் வங்கிக்கும் முன்னால். ஆனால் ஆர்டர் அவருடைய கையெழுத்திலோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரின் கையெழுத்திலோ வர வேண்டும். பழைய மேலாளரின் போன் பேச்சை நம்பி லாரி ஏற்றாதீர்கள். புதிய பில்களுக்குத் தனிப் பேரேடு வையுங்கள். வரும் பணத்தைப் பழைய 42 லட்சத்தில் கழித்துக்கொள்ளக் கூடாது. முடிந்தவரை முன்பணம் வாங்கிக்கொண்டே சரக்கு அனுப்புங்கள்.