பகுதிநேர வேலைக்கு வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். கூடுதல் வருமானத்துக்காக இரவில் ஒரு பகுதிநேர வேலையும் எடுத்து ஆறு வாரம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் நேரம் கொடுக்க முடியவில்லை, இப்போதே களைத்துவிட்டேன். இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்:

அலுவலக வேலையோடு இரவில் ஆவணங்களை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது நானும் ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் தடுமாறினேன். மனவலிமை போதவில்லை என்று அப்போது நினைத்தேன். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துப் பார்த்த பிறகுதான் கணக்கே தவறு என்று புரிந்தது. வாரத்துக்கு 14 மணி நேரம் மொழிபெயர்ப்பதாக எண்ணியிருந்தேன். குறிப்போ 21 என்று காட்டியது.

அந்த ஏழு மணி நேரமும் யாரும் பணம் தராத நேரம். கோப்பில் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது, விலை பேசுவது, அனுப்பிய பிறகு வரும் திருத்தங்கள், ரசீது அனுப்புவது, பணம் வராதபோது நினைவூட்டுவது. தொடக்க மாதங்களில் இந்தப் பங்கு மிக அதிகமாக இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் புதியவர், எல்லாவற்றையும் முதல்முறையாகப் பேச வேண்டியிருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் முதல் மூன்று மாதத்திலேயே நொந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

என் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். இரவுக்கு ஏழரை மணி நேரத் தூக்கம் என்றால் 52½. அலுவலகம் 45, போக்குவரத்து 7½. மீதி 63. சமையல், துவைத்தல், குளியல், சாப்பாடு, கடை என்று நாளுக்கு மூன்று மணி நேரம் போனால் 42 மிஞ்சும். வேலை நாள்களில் மாலை இரண்டு மணி நேரமும் விடுமுறையில் ஒரு முழு நாளும் வீட்டாருக்கு என்று 20-ஐ ஒதுக்கினேன். மீதி 22.

பார்த்தவுடன், 22 மணி நேரமும் பகுதிநேர வேலைக்கு என்று தோன்றும். அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். அந்த 22 ஒரே கட்டாகக் கிடைக்காது. கால்மணி, அரைமணியாகச் சிதறிக் கிடக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், பழுதான குழாய், அலுவலகத்தில் நீண்டுபோகும் ஒரு நாள், எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கும். அதில் பாதியைத்தான் நம்பலாம், அதாவது 11. நான் செலவிட்டதோ 21. குறைந்த பத்து மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், என் தூக்கம் ஏழரையிலிருந்து ஆறாகியிருந்தது. ஏழு இரவுக்குச் சரியாகப் பத்தரை மணி நேரம்.

ஆறு மணி நேரத் தூக்கம் போதும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். 2003-இல் வெளியான ஒரு தூக்க ஆய்வில், தொடர்ந்து 14 நாள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தன. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பதை அவர்கள் உணரவே இல்லை. எனக்கும் அதேதான் நடந்தது. அலுவலகத்தில் போன மாத அறிக்கையை இந்த மாதத்தது என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் என் மகள் பேசிக்கொண்டிருந்தாள், நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் இப்போது என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

எனவே 'சோர்வாக இருக்கிறதா' என்று உங்களையே கேட்டு முடிவெடுக்காதீர்கள். வெளியே தெரிவதைப் பாருங்கள். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறீர்களா? ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படிக்கிறீர்களா? புதிய வேலை வந்ததாக அலைபேசி ஒலித்தால் எரிச்சல் வருகிறதா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, களைப்போடு வேலையின் மீதான விலகலையும் கசப்பையும், திறன் குறைவதையும் சேர்த்தே சொன்னது. என்னிடம் அந்த எரிச்சல்தான் முதலில் வந்தது. களைப்பு பிறகுதான் தெரிந்தது.

பிறகு உச்சவரம்பு ஒன்றை வைத்தேன். வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அலுவலகம் 45 என்பதால், எனக்கு ஒன்பது மணி நேரம்தான் வரம்பு. அதில் மூன்று மணி நேரம் பணம் வராத வேலைக்குப் போகும், மொழிபெயர்க்க ஆறு. மணிக்கு 300 சொல் என் வேகம். ஆக வாரத்துக்கு 1,800 சொல்.

இந்த ஒரு எண் கையில் இருந்ததும் பேச்சே மாறிவிட்டது. முன்பு 5,000 சொல் வந்தால் 'ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறேன்' என்பேன். இப்போது 'மூன்று வாரம் ஆகும்' என்கிறேன். ஒருவர் விலகிப் போனார், மனம் கஷ்டப்பட்டது. இன்னொருவர் ஒப்புக்கொண்டார், இன்றும் தொடர்கிறார். முதல் மூன்று மாதம் ஒருவரோடு நில்லுங்கள் என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளர் இரண்டானால் பணம் வராத நேரமும் இரட்டிக்கிறது.

ஆறு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இரவு பத்துக்கு மேல் என் வேகம் 200 சொல்லுக்கு இறங்கியது, மறுநாள் திருத்தம் வேறு. விடுமுறையின் முதல் நாள் காலை நான்கு மணி நேரம், வாரத்தின் நடுவில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் என்று மாற்றிக்கொண்டேன். அந்த மாலையில் மகளைப் பார்த்துக்கொள்வது கணவரின் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடித்தோம். மற்ற மாலைகளில் அந்த இரண்டு மணி நேரமும் அலைபேசி வேறு அறையில் இருக்கும். ஒரே அறையில் உட்கார்ந்து செய்திக்குப் பதில் தட்டுவதை நான் குடும்ப நேரமாக எண்ணுவதில்லை, குழந்தைகளும் எண்ணுவதில்லை.

வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால் இந்தக் கணக்கில் மிஞ்சுவது மூன்று மணி நேரமாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். அப்போது மணி நேரத்தைக் கூட்ட முடியாது. விலையைக் கூட்டலாம், அல்லது சில மாதம் தள்ளிப்போடலாம். பணத்தேவை அவசரமானது என்றால் இது கேட்கக் கசப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் முழுநேர வேலையில் செய்யும் தவறுக்கு விலை கொடுப்பது பெரிய வருமானம்தான். வெளிவேலைக்கு உங்கள் பணி ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாளையிலிருந்து ஏழு நாள், பகுதிநேர வேலைக்காகக் கையில் எடுத்த ஒவ்வொரு கால்மணியையும், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறியுங்கள். எட்டாம் நாள் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டிய அளவுக்கு அடுத்த வாரத்து வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.