மெயிலில் வரும் ரிப்போர்ட்டில் கிரைட்டீரியாஸ், மீடியாஸ்: எப்படித் திருத்துவது?

கேள்வி: டீமில் இருந்து மெயிலில் வரும் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் கிரைட்டீரியாஸ், மீடியாஸ், டேட்டாஸ் என்றே எழுதுகிறார்கள். கிளையண்டுக்குப் போகும் முன் சுலபமாகத் திருத்த வழி உண்டா?

கடைசியாகக் கை வைப்பது நீங்கள்தான், பெயர் போடுவது வேறு யாரோ என்று நினைக்கிறேன். நானும் அந்த இருக்கையில்தான் இருக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் தமிழ் மீடியம், ஆங்கில வெறி கிடையாது. 'புரிந்தால் போதாதா' என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்காகத்தான் கீழே இருக்கும் கதையே. இதில் புரியாமல் போனதுதான் பிரச்சினை.

டெண்டர் மதிப்பீட்டு ரிப்போர்ட் ஒன்று. எங்கள் ஜூனியர் பெண், "அக்கா, எல்லா எஸ்ஸையும் எடுத்துட்டேன்" என்று சந்தோஷமாக வந்தாள். `Replace All` போட்டிருந்தாள். எழுதியவர் அனுப்பியிருந்த வாக்கியம் இது:

```
Vendor B did not meet the technical criterias.
```

எஸ் போனதும் இலக்கணம் சுத்தம். ஆனால் அந்த நிறுவனம் தவறவிட்டது ஒரே ஒரு நிபந்தனையை, ஆண்டு விற்றுமுதலை மட்டும். வாக்கியமோ எல்லாவற்றிலும் தோற்றதாகச் சொல்கிறது. கிளையண்ட் அப்படித்தான் படித்தார். "எல்லாத்துலயும் ஃபெயில்னா மார்க் எதுக்குப் போட்டீங்க?" என்று போனில் கேட்டார். அங்கே வர வேண்டியது கிரைட்டீரியன், அதாவது ஒருமை. எஸ் இல்லாத கிரைட்டீரியாவே அதன் பன்மை.

கிரைட்டீரியாஸ் என்று எழுதுபவர் மனதில் கிரைட்டீரியா ஒருமை. அதனால்தான் எஸ் சேர்க்கிறார். அப்படியென்றால் அதே ரிப்போர்ட்டில் எஸ் இல்லாமல் அவர் எழுதிய கிரைட்டீரியாவில் பாதி ஒருமையாக இருக்கும். அதற்குச் சிவப்புக் கோடு விழாது, ஏனென்றால் எழுத்து சரி. நம் வேலை அங்கேதான். வேர்டில் `Ctrl+F` போட்டு, இவற்றைத் தனித்தனியாகத் தேடுங்கள்:

```
a criteria
this criteria
each criteria
criteria is
```

முதல் மூன்றும் வந்தால் கிரைட்டீரியன் ஆக்குங்கள். நாலாவதில் மட்டும் நிதானம். 'ஒன் ஆஃப் த கிரைட்டீரியா இஸ்' என்று இருந்தால் அது சரி, அங்கே வினை 'ஒன்'னோடு போகிறது. மற்ற இடங்களில் சொல்ல வருவது ஒன்றா, பலவா என்று பார்த்து, ஒன்றானால் கிரைட்டீரியன் இஸ், பலவானால் கிரைட்டீரியா ஆர். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேளுங்கள். நாமாக முடிவு செய்தால் மேலே சொன்ன போன்தான். கிரைட்டீரியாவை ஒருமையாகவும் சிலர் எழுதுவதை அகராதியே குறிக்கிறது என்று யாராவது வருவார்கள். குறிக்கட்டும். டெண்டரில் எத்தனை நிபந்தனை என்பது காசு.

தலைப்புகள் தப்பிவிடும். முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லை வேர்ட் வழக்கமாகச் சோதிக்காது. `File > Options > Proofing` போய், `Ignore words in UPPERCASE` டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸெலில் தட்டும்போது கோடே விழாது, `F7` அழுத்த வேண்டும். சார்ட்டைப் படமாக ஒட்டியிருந்தால் கண்தான் கதி.

மீடியாஸ் வேறு கதை. பத்திரிகை, டிவியைச் சொன்னால் மீடியா அவுட்லெட்ஸ் என்று மாற்றுவேன். பென்டிரைவ், டிஸ்க் என்றால் ஸ்டோரேஜ் மீடியா. எஸ்ஸை மட்டும் வெட்டினால் பல டிவிக்காரர்களா, பொதுவாக ஊடகமா என்று தெரியாது. டேட்டாவுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். எஸ்ஸை எடுங்கள், இஸ், ஆர் இரண்டும் நடப்பில் உள்ளவைதான், ரிப்போர்ட் முழுக்க ஒன்றையே வையுங்கள்.

திருத்துவதை `Track Changes` போட்டுச் செய்து எழுதியவருக்கு மட்டும் அனுப்புங்கள். 'ரிப்ளை ஆல்' வேண்டாம். எங்கள் ஆபீசில் ஒருவர் எல்லோர் முன்னாலும் திருத்துவார். அவரேதான் வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு 'ஃபைனல்' என்று ஒரு ஃபைல் அனுப்பி, ஏழு மணிக்கு 'ஃபைனல் 2' அனுப்புவார். அதைப் பற்றி எந்தத் தளத்தில் கேள்வி கேட்பது என்று தெரியவில்லை.

ஏற்கெனவே கிளையண்டுக்குப் போய்விட்டதா? வெறும் எஸ் என்றால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை மாறிப் பொருள் மாறியிருந்தால் மட்டும் திருத்திய பக்கத்தை அனுப்புங்கள்.

இன்னொன்று, அஜெண்டாஸ் சரி. லத்தீனில் அது பன்மைதான், ஆங்கிலத்தில் எப்போதோ ஒருமையாகிவிட்டது. ஆர்வக்கோளாறில் அதையும் வெட்டிவிடாதீர்கள்.