தள்ளுவண்டி வாங்கும் முன்: திருப்பூர் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, கேட்டரிங் படித்த தம்பி ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு அங்கேரிபாளையம் ரோட்டில் அரிசிம்பருப்பு சாதம் போடப்போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியும் இடமும் லைசென்ஸும் சேர்த்து 40,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவரோ அவர் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்யலாம். அதை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. வண்டி வேண்டுமானால் கைமாறலாம், இடம் மாறாது. நாளைக்கு மாநகராட்சி வண்டியைத் தூக்கினால் தம்பி கையில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. சொந்தச் சான்றிதழ் இருந்தால், வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

அதனால் வண்டி வாங்கும் முன்பே மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய், அந்த ரோடு விற்பனைக்கு அனுமதி உள்ள பகுதியா, தடை உள்ளதா என்று கேளுங்கள். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்திருந்தாலும், அந்தப் பகுதியில் இடம் மிச்சமிருந்தால் புதியவர் விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு. வேறு பிழைப்பு இல்லை என்று உறுதி எழுதித் தர வேண்டியிருக்கும். ஹோட்டல் வேலையையும் வைத்துக்கொண்டு இதையும் பார்க்கலாம் என்று தம்பி நினைத்தால் அது இங்கே இடிக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. foscos.fssai.gov.in தளத்தில் சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவே போதும், அதில் வரும் 14 இலக்க எண்ணை வண்டியில் தெரியும்படி வைக்க வேண்டும். அப்புறம் சிலிண்டர்: வீட்டுக்குத் தரும் சிவப்பு சிலிண்டரை வண்டியில் வைப்பது தவறு, வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

இடத்துக்கு வருகிறேன். பனியன் கம்பெனி கேட்டில் நிறையப் பேர் வருகிறார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிறவர்களில் தூக்குப்போசி இல்லாமல் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று தம்பியை நின்று எண்ணச் சொல்லுங்கள். அதிலும் வடமாநிலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாகக் குறிக்கட்டும், அவர்களில் பலர் சப்பாத்தி தேடுவார்கள். சம்பள நாளான சனிக்கிழமை ஒரு தடவை, திங்கட்கிழமை ஒரு தடவை, நடுவாரத்தில் ஒரு தடவை. இந்த மூன்றும் ஒரே மாதிரி இருக்காது.

எவ்வளவு சமைப்பது என்பதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ துவரம்பருப்பு போட்டால், தட்டுக்கு 350 கிராம் வீதம் பத்துப் பதினோரு தட்டு வரும். நேற்று 35 தட்டு விற்றது, இன்றும் 35 போதும் என்று நினைப்பது பிழை. நேற்று 35 தட்டும் ஒன்றேகாலுக்கே தீர்ந்து, ஏழு பேர் திரும்பிப் போயிருந்தால் தேவை 42. அதனால் நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: விற்றது, தீர்ந்த நேரம், திரும்பிப் போனவர்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். திங்களும் சனியும் நீங்கலாகப் பத்து நாள் தேவையைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 31, 34, 36, 38, 40, 42, 44, 45, 48, 52 என்று வைத்துக்கொள்வோம். தட்டு 50 ரூபாய், இலையும் கேஸும் சேர்த்துச் செலவு 22. ஒருவர் திரும்பிப் போனால் 28 ரூபாய் லாபம் போகிறது, ஒரு தட்டு மிஞ்சினால் 22 நஷ்டம். இரண்டையும் கூட்டினால் 50. 50-க்கு 28 என்பது பத்துக்கு 5.6, பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே பத்தில் ஆறாவது எண்ணை எடுக்க வேண்டும், அதாவது 42. அரிசி நாலு கிலோ. செலவு 35 ரூபாயாக ஏறினால் 50-க்கு 15தான் மிஞ்சும், அதாவது பத்துக்கு 3. அப்போது மூன்றாவது எண், 36 தட்டுக்கு இறங்கிவிட வேண்டும். பருப்பு விலை ஏறும்போது இதைச் செய்யாமல் பழைய அளவிலேயே சமைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாலு கிலோவையும் வீட்டிலிருந்தே ஆக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டரை கிலோ ஆக்கிக்கொண்டு, ஒன்றரை கிலோவை அளந்து உலர்வாகவே பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு ஐம்பதுக்குள் இருபது தட்டு போயிருந்தால் வண்டியிலேயே குக்கரை ஏற்றலாம். போகவில்லை என்றால் அந்த அரிசி நாளைக்கும் அரிசிதான்.

ஆக்கிய சோறு மிஞ்சினால் மறுநாள் விற்கவே கூடாது. வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாசனையில் தெரிந்துவிடும் என்று தம்பி சொல்வான். பல நேரம் தெரியாது, அம்மா.