விகிதமா, நிகர மதிப்பா? கால்வாய்க் கணக்கு பற்றிய கேள்வி பதில்

பாசனத் திட்டங்களின் வரவு செலவை மதிப்பிடும் வேலையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். தாமிரபரணிக் கரையில் திட்டம் ஒன்று பேச்சுக்கு வந்தால், அதைப் பயன் செலவு விகிதத்தால் அளப்பதா, நிகர மதிப்பால் அளப்பதா என்ற சச்சரவும் கூடவே வரும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எளிதாகப் பின்தொடர வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். எல்லாக் கணக்கிலும் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம், வங்கி ஊழியர்: பயன் செலவு விகிதம் ஒன்றுக்கு மேல் இருந்தால் நிகர மதிப்பும் லாபத்தில்தான் இருக்கும். இரண்டும் ஒன்றையே சொல்லும்போது எதற்கு இந்தச் சண்டை?

பாதி சரி. ஒரு திட்டத்தைத் தனியாக வைத்து, செய்யலாமா வேண்டாமா என்று கேட்டால் இரண்டும் ஒரே பதிலைத்தான் தரும். ஆனால் வரிசைப்படுத்தும்போது கேள்வி மாறிவிடுகிறது. விகிதம் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு கிடைக்கிறது என்று சொல்கிறது. நிகர மதிப்பு, எல்லாம் போக ஊருக்கு மொத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்கிறது. சின்ன வேலை ஒன்று ரூபாய்க்கு நிறையத் தந்தும் மொத்தத்தில் கொஞ்சம்தான் மிச்சம் வைக்கலாம். பெரிய வேலை அதற்கு நேர்மாறாக இருக்கலாம். சண்டை தொடங்குவது அங்கேதான்.

பாளையங்கோட்டை, பொருளியல் மாணவி: இரண்டும் வேறு வேறு திட்டத்தை முதலிடத்தில் வைத்தால் எதை நம்புவது?

ஒரே கால்வாயை எடுத்துக்கொள்வோம். பிசான நெல் பருவத்தில் அதன் கடைமடையில் நின்று பார்த்திருக்கிறேன். மடையின் திருகு துருப்பிடித்துச் சுழலவில்லை. பலகை இறங்காததால், தலைமடைக்காரர்கள் எடுத்தது போக வந்த நீரும் நிற்காமல் ஓடிவிடுகிறது. விவசாயிகள் வாழை மட்டையையும் சாக்கையும் திணித்து அதைத் தேக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கால்வாய்க்கு இரண்டு யோசனைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் யோசனை, தூர்வாரி மடைகளைப் பழுதுபார்ப்பது. 2 கோடி ரூபாய் ஆகும், ஆண்டுக்கு 1 கோடி பயன் வரும். ஆனால் ஐந்தாண்டில் மண் மறுபடி மேவிவிடும். இரண்டாவது யோசனை, கரையைக் கட்டி, அடிப்பகுதியில் கான்கிரீட் போட்டு, மடைகளை எல்லாம் புதிதாக வைப்பது. 12 கோடி ஆகும், ஆண்டுக்கு 2.2 கோடி பயன் வரும், இருபது ஆண்டு நிற்கும்.

புதுக் கட்டுமானத்தின் பயன், இன்றைய மதிப்பில், சுமார் 18.7 கோடி. மிச்சம் 6.7 கோடி, விகிதம் 1.56. தூர்வாரலின் ஐந்தாண்டுப் பயன் 3.8 கோடி. மிச்சம் 1.8 கோடி, விகிதம் 1.9. விகிதம் தூர்வாரலைச் சொல்கிறது, நிகர மதிப்பு கட்டுமானத்தைச் சொல்கிறது.

ஆனால் இந்த ஒப்பீடே நியாயமற்றது. ஐந்தாண்டு வேலையை இருபதாண்டு வேலையோடு நிறுத்துப் பார்க்கிறோம். தூர்வாரலையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நான்கு தரம் செய்வதாகக் கணக்கிட்டால் செலவு 4.5 கோடி, பயன் 8.5 கோடி, மிச்சம் 4 கோடி. விகிதம் அதே 1.9, அசையவில்லை. நிகர மதிப்புக்காரர்களும் இங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஆயுள் வேறுபட்டால் அவர்களின் எண்தான் முதலில் ஏமாற்றும்.

காலத்தைச் சமப்படுத்திய பிறகும் சண்டை தீரவில்லை. அப்போது கேட்க வேண்டியது, சின்னதிலிருந்து பெரியதற்குப் போக நாம் கூடுதலாகப் போடும் பணம் தன்னைத் தாங்குகிறதா என்பது. கூடுதல் செலவு 7.5 கோடி, கூடுதல் பயன் 10.2 கோடி. அந்தக் கூடுதலுக்கு மட்டும் விகிதம் 1.36. ஒன்றுக்கு மேல். ஆகவே ஒரே இடத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், பணத்துக்கும் தட்டுப்பாடு இல்லை என்றால், புதுக் கட்டுமானமே சரி. 1.9 என்ற எண் கண்ணைப் பறித்தாலும், அது கைவிடச் சொல்வது ஊருக்குக் கிடைக்கக்கூடிய 2.7 கோடியை.

சேரன்மகாதேவி, உள்ளூர்ப் பிரதிநிதி: பணத்துக்குத் தட்டுப்பாடு இல்லை என்கிறீர்கள். எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். 12 கோடி மட்டும் இருந்தால்?

நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. 12 கோடியையும் ஒரு கால்வாயில் கட்டினால் மிச்சம் 6.7 கோடி. அதே 12 கோடியில் ஆறு கால்வாய்களைத் தூர்வாரலாம். ஒருமுறை மட்டும் செய்து விட்டுவிட்டால்கூட ஆறும் சேர்ந்து 10.7 கோடி மிச்சம் தரும். நான்கு சுற்றும் ஒழுங்காக நடந்தால் 24 கோடி. பணம் கட்டுப்பட்டிருக்கும்போது ரூபாய்க்கு எவ்வளவு என்ற கேள்விதான் வெல்கிறது. இதில் விகிதம் சரியாக வேலை செய்கிறது.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆறு கால்வாய்களும் உண்மையாகவே அப்படி இருக்க வேண்டும். அதாவது அதே அளவு மண் மேவி, அதே அளவு பயன் தரக் காத்திருக்க வேண்டும். ஒன்றுதான் அப்படி இருக்கிறது, மீதிப் பணம் மார்ச் மாதத்தோடு திரும்பிப் போய்விடும் என்றால், கட்டுமானம்தான் மேல். இரண்டாவது நிபந்தனை, 24 கோடி வேண்டுமானால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 12 கோடி மறுபடி கிடைக்க வேண்டும். பத்தாம் ஆண்டில் நிதி வராது என்று தெரிந்தும் 24 கோடி என்று அறிக்கையில் எழுதுவது பொய்க்கணக்கு.

வீரவநல்லூர், ஒப்பந்ததாரர்: மதிப்பீட்டில் எழுதிய விலையில் எந்த வேலையும் முடிவதில்லை. அப்போது உங்கள் 2.7 கோடி எங்கே போகும்?

போய்விடும். கட்டுமானச் செலவு 12 கோடியிலிருந்து 14.7 கோடியானால் இரண்டு யோசனைகளும் சமம். ஏறத்தாழ 23 சதவீதம் ஏறினால் போதும். ஆண்டுப் பயன் 2.2 கோடிக்குப் பதில் 1.9 கோடிக்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். கடைமடை வரை நீர் வராமல், வழியில் மோட்டார் வைத்து எடுத்துவிட்டால் அதுவே நடக்கும். அறிக்கையில் விகிதத்தை இரண்டு புள்ளி வரை எழுதுவதைவிட, எந்த இடத்தில் முடிவு புரளும் என்று ஒரு வரி எழுதுவதுதான் படிப்பவருக்கு உதவும். நான் பார்த்த அறிக்கைகளில் அந்த வரி அநேகமாக இருந்ததில்லை.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற பொறியாளர்: நாங்கள் ஆண்டுப் பயனை ஆண்டுச் செலவால் வகுத்தோம். மூலதனத்துக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் கீழே. விவசாயியின் சாகுபடிச் செலவை மட்டும் மேலே பயனிலிருந்து கழித்தோம். பராமரிப்பையும் மேலே கழிக்கச் சொல்பவர்கள் விகிதத்தை ஊதிப் பெரிதாக்குகிறார்கள் அல்லவா?

ஐயா, உங்கள் குழு செய்ததுதான் நம் பாசன அறிக்கைகளின் வழக்கம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். சாகுபடிச் செலவை மேலே கழிப்பதும் ஒரு தேர்வுதான். அதைக் கீழே கொண்டுவந்தால் பாதித் திட்டங்களின் விகிதம் சரிந்துவிடும்.

நீரேற்றுத் திட்டம் ஒன்று. பயன் 30 கோடி, கட்ட 10 கோடி, மின்சாரத்துக்கும் பம்புக்கும் 10 கோடி, எல்லாம் இன்றைய மதிப்பில். மேட்டிலிருந்து தானாக ஓடிவரும் கால்வாய் இன்னொன்று. பயன் 18 கோடி, கட்ட 10 கோடி, பராமரிப்பு கணக்கில் எடுக்க அவசியமில்லாத அளவு. உங்கள் முறையில் நீரேற்றுக்கு 1.5, கால்வாய்க்கு 1.8. மற்ற முறையில் நீரேற்றின் விகிதம் 2 ஆகிறது, கால்வாய் 1.8 ஆகவே நிற்கிறது. வரிசை புரண்டுவிட்டது. எந்த முறையிலும் நிகர மதிப்பு 10 கோடியும் 8 கோடியும்தான்.

நான் பின்பற்றுவது, எந்தப் பணம் தட்டுப்பாடாக இருக்கிறதோ அதை மட்டும் கீழே வைப்பது. கட்டுமான நிதிதான் நெருக்கடி, மின்கட்டணம் வேறு கணக்கிலிருந்து போகிறது என்றால் மேலே கழிக்கலாம். இரண்டும் ஒரே நிதியிலிருந்து வந்தால் இரண்டும் கீழே. ஆனால் அறிக்கைக்கு அறிக்கை மாற்றக் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒப்புதலுக்கு வேண்டிய 1.5 விகிதத்தை எட்டாத ஒரு திட்டத்தில் பராமரிப்பைக் கீழிருந்து மேலே நகர்த்தி எட்ட வைத்தார்கள். அன்று வாய் திறக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

ராதாபுரம், விவசாயி: கிணறு ஆழப்படுத்தி மோட்டார் மாற்றினால் எனக்கு லாபமா? மானியம் வந்தால் விகிதம் கூடுமா?

அண்ணாச்சி, உங்கள் வீட்டுக் கணக்கில் மானியம் செலவைக் குறைக்கும், அதனால் லாபம் கூடும். பொதுத் திட்டக் கணக்கில் அப்படி இல்லை. மானியம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறதே தவிர புதிதாக எதுவும் விளைவதில்லை. உங்கள் கிணறு ஆழமானதால் பக்கத்து வயல் கிணறு வற்றினால், அது பொதுக்கணக்கில் செலவு. மோட்டார் வாங்கலாமா என்பதற்கு உங்கள் ஊற்றின் நீரோட்டம் தெரிய வேண்டும்.

திசையன்விளை, ஆசிரியை: எங்கள் பகுதிக்கு 1.5 வராது என்றுதான் எல்லாத் திட்டத்தையும் தள்ளுகிறார்களா?

பாசனத் திட்டங்களுக்குப் பொதுவாக 1.5 வேண்டும் என்பது நடுவண் அரசின் அளவுகோல். வறட்சிப் பகுதிகளுக்கு 1 போதும் என்று தளர்த்தியும் இருக்கிறார்கள். அதனால் 1.2 வந்த திட்டத்தை விகிதத்தின் பேரில் தள்ளினால், உங்கள் பகுதி வறட்சிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுபோகும் இணைப்புத் திட்டம் போன்றவற்றில் வெள்ளம் வரும் ஆண்டுகள் எத்தனை என்பதுதான் பயன் பக்கத்தின் முதுகெலும்பு. அங்கே ஓர் ஆண்டின் நீரை எல்லா ஆண்டுக்கும் பெருக்கினால் விகிதமும் நிகர மதிப்பும் சேர்ந்தே வீங்கும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடியாது.

களக்காடு, இளைஞர்: ஒரு கோடி ரூபாய் பயன் தலைமடைப் பண்ணையாருக்குப் போனாலும் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குப் போனாலும் ஒன்றுதானா?

இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். 1936-இல் அமெரிக்கா இயற்றிய வெள்ளத் தடுப்புச் சட்டமே, பயன் யாருக்குப் போனாலும் சரி, செலவை மிஞ்ச வேண்டும் என்றது. பயன் செலவுக் கணக்கு அரசு அலுவலகங்களில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சிறு விவசாயியின் ஒரு ரூபாயை ஒன்றரை ரூபாயாக எண்ணலாம் என்று சொல்லும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றரையை யார் முடிவுசெய்வது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. நான் செய்வது, பயனைத் தலைமடை, நடுமடை, கடைமடை என்று மூன்றாகப் பிரித்து மொத்தத்துக்குக் கீழே எழுதிவிடுவது. மேலே சொன்ன கால்வாயில் தூர்வாரலின் பயன் பெரும்பாலும் தலைமடையோடு நின்றுவிடலாம். புது மடைகள் வைத்தால்தான் அந்தச் சாக்கு திணித்த கடைமடை வயல்களுக்குப் போகும். அது 1.9-லும் தெரியாது, 4 கோடியிலும் தெரியாது.