எட்டு ஏன் வரல?

அண்ணா, வணக்கம். நான் பந்தலூர் பக்கம். எங்கப்பா எஸ்டேட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு வருஷமா கேரளா லாட்டரி ரிசல்ட்டை தினமும் ஒரு நோட்டுல எழுதி வைக்கிறார். ஃபர்ஸ்ட் பிரைஸோட கடைசி நம்பரை மட்டும் தனியா சார்ட் போடுறார். கடைசி 100 குலுக்கல்ல 3 வந்தது 16 தடவை, 8 வெறும் 5 தடவை, அதுவும் 28 நாளா எட்டே வரல. இப்ப எட்டு வந்தே ஆகணும்னு பஜார்ல மூணு நம்பர் சீட்டு எழுதுறவர்கிட்ட தினமும் பணம் கட்டுறார். நான் பி.எஸ்.சி. கம்ப்யூட்டர்ங்கறதால இதுக்கு ஒரு ஆப் செஞ்சு கொடுன்னு கேக்குறார். செய்யலாமா? எட்டு ராசியில்லாத நம்பர்னு அம்மா சொல்றாங்க, அதுல ஏதாவது உண்மை இருக்கா?

— ஒரு வாசகர்

தம்பி,

அம்மா சொன்னதை முதல்ல முடிச்சிடுறேன். ஒண்ணுமில்ல. அந்த மெஷினுக்கு சனீஸ்வரனும் தெரியாது, நியூமராலஜியும் தெரியாது. அடுத்து.

ஆப் செய்யாதீங்க. பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள இதை என்கிட்ட கேக்குறதே எனக்குக் கோவம். ப்ராபபிலிட்டின்னு ஒரு பேப்பர் எழுதித்தானே பாஸ் பண்ணீங்க, பரீட்சை முடிஞ்சதும் அதை காலேஜ் கேட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா? ஆனா அப்பா மேல எனக்குக் கோவமே வரல, ஏன்னு சொல்றேன்.

எங்க பெரியப்பா தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட்ல கணக்கப்பிள்ளையா இருந்தார். காலைல எட்டரைக்கு மழைமானியைப் பாத்து எத்தனை மில்லிமீட்டர்னு நோட்டுல ஏத்துவார், எந்தக் காட்டுல எப்ப கொழுந்து எடுத்தாங்க, எத்தனை கிலோ, எப்ப கவாத்து வெட்டினாங்க எல்லாம் அதே நோட்டுல. தேவாலா மழை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேணாம். நாளைக்கு ஆள் எத்தனை பேர் வேணும், கொழுந்து எவ்வளவு வரும்னு அந்த நோட்டைப் புரட்டிட்டு சொல்வார், பெரும்பாலும் சரியா இருக்கும். அதுல மந்திரம் ஒண்ணுமில்ல, மழைக்கு ஞாபகம் இருக்கு. இன்னிக்குப் பேஞ்சா நாளைக்கும் பேய வாய்ப்பு ஜாஸ்தி, எட்டு நாள் முன்னாடி கிள்ளின செடி இன்னிக்கு மறுபடியும் துளிர்த்திருக்கும், கவாத்து வெட்டின காடு மாசக்கணக்கா சும்மா நிக்கும். நேத்து நடந்தது நாளைக்கு நடக்கப்போறதைத் தள்ளிவிடுது, அதனால நோட்டு பேசுது. மலையில வேலை பாத்த மனுஷனுக்கு இதுதான் படிப்பு, உங்கப்பாவும் இதைத்தான் முப்பது நாப்பது வருஷம் படிச்சிருப்பார். அவர் புத்தி சரியாத்தான் வேலை செய்யுது தம்பி, ஞாபகமே இல்லாத ஒண்ணுகிட்ட போய் ஞாபகம் இருக்கான்னு கேக்குது, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்துல கோர்க்கி பவன்ல மத்தியானம் மூணு மணிக்குக் குலுக்கல் நடக்கும், எல்லார் முன்னாடியும்தான். மெஷின்ல ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சக்கரம், அதுல 0 முதல் 9 வரைக்கும். பட்டனை அமுக்கினா சுத்தும், நிக்கும், நின்ன நம்பர் ரிசல்ட். நேத்து எங்க நின்னுச்சுங்கறது சக்கரத்துல எங்கயும் எழுதி வைக்கல. 28 நாளா எட்டு வரலைங்கறது உங்கப்பா நோட்டுக்குத்தான் தெரியும், சக்கரத்துக்குத் தெரியாது.

சரி, நோட்டைப் பாப்போம். பத்து இலக்கம், நூறு குலுக்கல், சராசரி பத்து பத்து தடவை வரணும். ஆனா யாருக்கும் கரெக்டா பத்து வராது, மூணு இந்தப்பக்கம் மூணு அந்தப்பக்கம் ஆடுறது ரொம்ப சாதாரணம், அஞ்சாறு ஆடுறதும் அதிசயம் இல்ல. இப்ப, 3-ங்கற நம்பரை முன்னாடியே சொல்லி வச்சு அது 16 தடவையோ அதுக்கு மேலயோ வர வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டா நூத்துல நாலு. பெரிய விஷயம் மாதிரி இருக்கா? ஆனா அப்பா 3-ஐ முன்னாடியே சொல்லலையே. பத்து நம்பரையும் எழுதிட்டு, எது மேல நிக்குதோ அதுக்கு 'ஹாட்'னும், எது கீழ கிடக்குதோ அதுக்கு 'கோல்டு'ன்னும் பேர் வச்சார். பத்துல ஏதோ ஒண்ணு 16-ஐத் தொட வாய்ப்பு மூணுல ஒண்ணு. ஏதோ ஒண்ணு அஞ்சுக்கோ அதுக்குக் கீழயோ இறங்க வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. இந்த நோட்டுல வினோதமா ஒண்ணுமே இல்ல, எல்லா நம்பரும் ஒன்பது பத்து பதினொண்ணுன்னு சமமா நின்னிருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

28 நாள் தூக்கமும் அப்படித்தான். எட்டை மட்டும் எடுத்தா 28 நாள் வராம இருக்க வாய்ப்பு நூத்துல அஞ்சு. ஆனா ஏதோ ஒரு நாள் காலைல நோட்டைத் திறந்தா பத்துல ஏதாவது ஒரு நம்பர் 28 நாளா வராம கிடக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி. தினமும் ஒரு குலுக்கல்னு வச்சுக்கிட்டா ஒரு வருஷத்துல ஏதோ ஒரு நம்பர் ஒரு மாசம் காணாம போறது பதினாலு பதினஞ்சு தடவை நடக்கும். அப்பாவுக்கு 'வந்தே ஆகணும்'ங்கற நம்பர் எப்பவும் கைவசம் இருக்கும், அதான் இந்தப் பழக்கத்தோட கெட்ட குணமே.

இப்ப நான் சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்குற விஷயம், டீக்கடையில சண்டையே போட்டிருக்கேன் இதுக்காக. 'நீதானே சார் கடைசியில எல்லாம் சமமாகும்னு சொன்னே, அப்ப பின்தங்குன எட்டு வேகமா வந்தாத்தானே சமமாகும்?'னு கேப்பாங்க. இல்லய்யா. எட்டு நூறுல அஞ்சு வந்திருக்கு, அஞ்சு குறை. அடுத்த 900 குலுக்கல்ல அது வழக்கமான வேகத்துலயே வரட்டும், 90 தடவை. மொத்தம் ஆயிரத்துல 95. முன்னாடி நூத்துக்கு அஞ்சா இருந்தது இப்ப நூத்துக்கு ஒன்பதரை ஆயிடுச்சு, சமம் ஆன மாதிரிதான் இருக்கு, ஆனா அந்த அஞ்சு குறையை யாராவது திருப்பிக் கொடுத்தாங்களா? இல்ல, அது அப்படியே இருக்கு, பெரிய கூட்டத்துல கண்ணுக்குத் தெரியாம போச்சு. 3-ஐயும் அப்படியே பாருங்க, 16 கூட 90, மொத்தம் 106. அதோட ஆறு அதிகத்தையும் யாரும் பிடுங்கல. கணக்கு நேராகுறதுக்கு எட்டு ஓடவும் வேணாம், மூணு நிக்கவும் வேணாம். இதை அப்பாகிட்ட பேப்பர்ல எழுதிக் காட்டுங்க, கணக்குப் பழகின மனுஷன், புரியும்.

புரியாம ஒரு நாடே விழுந்த கதை இருக்கு. இத்தாலி லாட்டரியில ஊர் ஊருக்கு ஒரு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 90 நம்பர்ல அஞ்சு எடுப்பாங்க. வெனிஸ் சக்கரத்துல 53-ங்கற நம்பர் 2003 மே மாசத்துக்கு அப்புறம் வரவே இல்ல, 182 குலுக்கல். வந்தே ஆகணும்னு ஜனங்க கட்டினாங்க, வராம போகப் போக இன்னும் ஜாஸ்தியா கட்டினாங்க, மொத்தம் 350 கோடி யூரோவுக்கு மேல, வீட்டை வித்துக் கட்டினவங்களும் உண்டு, தற்கொலையும் நடந்துச்சு. 2005 பிப்ரவரி 9-ஆம் தேதி 53 வந்துச்சு. அதுக்குள்ள யாருக்கு என்ன மிச்சம்? அந்த ஒரு நம்பர் அவ்வளவு நாள் தூங்க வாய்ப்பு 33,000-ல ஒண்ணுதான். ஆனா பத்து சக்கரம், சக்கரத்துக்கு 90 நம்பர், வாரத்துக்கு ரெண்டு குலுக்கல்னு போட்டுப் பாருங்க, ஆறேழு வருஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது ஒரு நம்பர் இப்படித் தூங்கத்தான் செய்யும்.

மெஷினே கோணலா இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, கேக்கணும். 1980-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநில லாட்டரியில பந்துக்குள்ள ஊசியால பெயின்ட் ஏத்தி 4, 6 தவிர மத்த பந்தையெல்லாம் கனமாக்கிட்டாங்க, 666 வந்துச்சு. மாட்டினது எதனால? 4-ம் 6-ம் மட்டும் கலந்த 8 விதமான மூணு இலக்க நம்பர்கள் மேல மட்டும் சில பேர் அள்ளிக் கட்டினதால. சார்ட் போட்டு யாரும் கண்டுபிடிக்கல. சக்கரம் லேசா தேஞ்சு 3 நூத்துக்குப் பத்துக்குப் பதிலா பதினொண்ணு வருதுன்னே வச்சுக்குவோம், அது நிஜமா இல்ல சும்மா ஆட்டமான்னு சந்தேகப்படவே ஒரு 3600 குலுக்கல் வேணும், அதாவது பத்து வருஷ நோட்டு. அதுக்கப்புறமும் உங்க மூணு நம்பர் சீட்டு ஆயிரத்துல ஒண்ணுங்கறது ஆயிரத்துல 1.1 ஆகும், அவ்வளவுதான் லாபம்.

அந்தச் சீட்டுக்கு வர்றேன். நம்ம ஊர்ல லாட்டரிக்கு 2003-லயே தடை. பஜார்ல எழுதுறவர் கேரளா அரசாங்கத்துக்கு ஏஜென்ட் இல்ல, கேரளா ரிசல்ட்டோட கடைசி மூணு நம்பரை வச்சு அவரே நடத்துற சூதாட்டம் அது. ஆயிரம் நம்பர், அதுல ஒண்ணு. ரூபாய்க்கு ஐநூறு தர்றேன்னு சொன்னாலும் கட்டுற காசுல பாதி அவர் பாக்கெட்டுக்குன்னு அர்த்தம், எட்டு வந்தாலும் சரி வராட்டியும் சரி. தராம ஓடினா போலீஸ் ஸ்டேஷன்ல போய் என்னன்னு சொல்வீங்க? தாளூர் தாண்டி கேரளாவுக்குள்ள போய் கடையில ஒரு டிக்கெட் வாங்கினா அதுல நம்பர் அச்சடிச்சே வருது, சார்ட்டுக்கு வேலையே இல்ல. சார்ட்டால வாழுறது இந்தச் சீட்டு எழுதுறவர் மட்டும்தான், யோசிச்சுப் பாருங்க.

ஆப் வேணாம், ஆனா ஒண்ணு செய்யுங்க. ஒரு ஷீட்ல இதை நூறு வரியில போடுங்க:

```
=RANDBETWEEN(0,9)
```

அதைத் தாள்ல எழுதி, அப்பா நோட்டுல பழைய நூறையும் இன்னொரு தாள்ல எழுதி, தேதி இல்லாம ரெண்டையும் அவர்கிட்ட கொடுங்க. ரெண்டுலயும் ஹாட், கோல்டு குறிக்கச் சொல்லுங்க, எது கேரளான்னு சொல்லச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டாவது வேலை, இன்னிக்குத் தேதி போட்டு அவர் சொல்ற ஹாட் நம்பர் ஒண்ணு, கோல்டு நம்பர் ஒண்ணு எழுதிக் கவர்ல ஒட்டி வைங்க, இடையில மாத்தக் கூடாது, பணமும் கட்டக் கூடாது. நூறு குலுக்கல் கழிச்சுப் பிரிச்சு எண்ணட்டும். ரெண்டும் பத்தை ஒட்டித்தான் நிக்கும். ஒருவேளை எட்டு 14 தடவை வந்து தொலைச்சா 'பாத்தியா'ன்னு கிளம்புவார், அப்ப இன்னொரு நூறு எண்ணச் சொல்லுங்க.

கேலி பண்ணாதீங்க, அதை மட்டும் செய்யாதீங்க, ரிட்டயர் ஆன மனுஷனுக்குத் தினமும் காலைல எழுத ஒரு நோட்டு வேணும். கடன் ஏதாவது இருக்கான்னு கடிதத்துல நீங்க சொல்லல. முதல்ல அம்மாகிட்ட கேளுங்க, நகை எல்லாம் வீட்டுல இருக்கான்னு. இருந்தா சரி, இல்லைன்னா எனக்குத் தனியா எழுதுங்க.